தரம் யாது எனத் தீர்மானிப்பவர் யார்?

மனநலச் சேவைக்குச் சுட்டிகள் வகுக்கும் டெல்பி முறை பற்றி

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இவ்வாண்டு நாற்பது மனநோயாளர்கள் புதிதாகப் பதிவு செய்யப்பட்டுள்ளனர் என்றும், அடுத்த நிலையத்தில் பதினைந்து பேரே பதிவாகியுள்ளனர் என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றுள் எது நல்ல சேவை? மாவட்டத் தலைநகரில் அறிக்கையைப் புரட்டுபவர் முதல் நிலையத்தையே சுட்டுவார். ஆயினும் அந்த நாற்பது பேரில் முப்பது பேர் இரண்டாம் மாதத்திற்குப் பின் திரும்பி வரவில்லை என்றும், பதினைந்து பேரில் பதின்மூவர் ஆறு மாதங்கள் கழிந்தும் மருந்து உட்கொண்டு வயல்வேலைக்குச் செல்கின்றனர் என்றும் தெரியவந்தால், விடை தலைகீழாகிவிடும். எதை எண்ணுகிறோமோ அதுவே சேவையாகிவிடுகிறது. எண்ணப்படாத மனிதர் ஏட்டிலிருந்தும், பின்னர் கவனத்திலிருந்தும் மறைந்துவிடுகிறார். ஆகவே மனநலச் சேவையின் தரத்தைக் காட்டும் சுட்டிகள் எவை என்ற வினா, அலுவலகத்தில் உள்ளோருக்கு மட்டும் உரிய வினா அன்று.

சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் இவ்வினா நேரே பொருந்தும். 1911-இல் உருவான பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒரே ஏட்டில் இருந்த ஊர்கள் வெவ்வேறு ஏடுகளுக்குச் சென்றன. தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், அதன் கிளையான மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கப்பட்டவை. மனநோய்ச் சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து கிராமத்துக்கு அருகே கொண்டுவருவதே அவற்றின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறுகிறதா என்பதை எந்த அளவுகோலால் காண்பது என்பதில் மருத்துவரும், செவிலியரும், நோயாளரின் தாயாரும் ஒரே விடையைத் தருவதில்லை. இம்மூவரின் விடைகளையும் ஒழுங்காகத் திரட்டி ஓர் உடன்பாட்டுக்கு வர உதவும் வழிகளுள் ஒன்றே டெல்பி முறை.

முறை தோன்றிய விதம்

பண்டைக் கிரேக்க நாட்டில் குறி கேட்கும் கோவில் இருந்த டெல்பி என்னும் ஊரின் பெயர் இம்முறைக்கு இடப்பட்டது. பெயர் அவ்வாறாயினும் இதில் குறி சொல்லுதல் ஏதும் இல்லை. அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் 1950-களில் இதை உருவாக்கினர். அவர்களுடைய முதற் சோதனை போர்த் தளவாடத் தொழிலைப் பற்றியது. அதில் ஏழு நிபுணர்கள் பங்குகொண்டனர். அதன் விவரம் 1963-இல் அச்சில் வெளிவந்தது. மறைவாக நடந்த இராணுவக் கணிப்பிலிருந்து இம்முறை பின்னர் மருத்துவம், கல்வி, பொதுநலம் முதலிய துறைகளுக்குப் பரவியது.

இதன் இயல்புகள் நான்கு. முதலாவது, பங்குகொள்வோர் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுத்தில் விடையளிப்பது. இரண்டாவது, அதே வினாக்கள் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளாக வருவது. மூன்றாவது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழு முழுவதும் எவ்வாறு விடையளித்தது, ஏன் அளித்தது என்பதை நடத்துபவர் சுருக்கித் தெரிவிப்பது. நான்காவது, இறுதி முடிவு ஒருவருடைய கூற்றாக அன்றிக் குழுவின் எண்ணிக்கையாக வெளிவருவது.

இவற்றுள் முதல் இயல்பின் பயனைக் களத்தில் பணிபுரிவோர் எளிதில் உணர்வர். மாவட்டக் கூட்டமொன்றில் பெரிய அதிகாரி முதலில் பேசிவிட்டால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஆஷா பணியாளர் எழுந்து “ஐயா, அது எங்கள் ஊரில் நடவாது” என்று சொல்வது அரிது. அவர் தலையசைத்துவிட்டு வீடு திரும்புவார். அக்கூட்டத்தின் குறிப்பேட்டில் ‘ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது’ என்று எழுதப்படும். டெல்பி முறையில் அவருடைய தாளும் மனநோய் மருத்துவரின் தாளும் ஒரே எடையுடன் எண்ணப்படும். முறையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே அச்சிறப்பு பயன்படும்.

ஆறு நாடுகளின் அனுபவம்

இந்தியா, நேபாளம், எத்தியோப்பியா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் நடைபெற்ற ‘எமரால்ட்’ என்னும் ஆராய்ச்சித் திட்டம் இத்தகைய ஒரு டெல்பி ஆய்வை நடத்தி, 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரை உண்மையில் சென்றடைகிறதா என்பதை அன்றாடப் பதிவேடுகளைக் கொண்டே காட்டவல்ல சுட்டிகளைத் தேர்வது அதன் நோக்கம். தொண்ணூற்று மூன்று நிபுணர்கள் பங்குகொண்டனர். முதற் சுற்றில் அவர்கள் தந்த 876 விடைகளிலிருந்து ஒன்றுபோன்றவற்றை இணைத்து 52 சுட்டிகள் வகுக்கப்பட்டன. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு சுட்டியும் மூன்று நோக்குகளில் மதிப்பிடப்பட்டது: அது எவ்வளவு முக்கியம், எவ்வளவு பொருத்தம், நடைமுறையில் எவ்வளவு இயலும் என்பன அவை. மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை. இறுதியில் முதலிடம் பெற்ற பதினைந்து சுட்டிகள் முன்வைக்கப்பட்டன. நாட்டுக்கு நாடும், நிபுணர் பிரிவுக்குப் பிரிவும் வரிசை பெரிதும் மாறவில்லை என்பது அவ்வாய்வின் வலிமை.

ஆயினும் அதே ஆய்வின் ஓர் எண்ணில் கவனிக்கத்தக்க பாடம் உண்டு. ஐம்பத்திரண்டு சுட்டிகளுள் கடைசி இடம் பெற்றது 3.20 மதிப்பெண், முதலிடம் பெற்றது 4.27. அதாவது, அளவுகோலின் நடுப்புள்ளியான மூன்றுக்குக் கீழே ஒரு சுட்டிகூடச் செல்லவில்லை. இதில் வியப்பில்லை. ‘இதுவும் வேண்டுமா?’ என்று தனித்தனியே கேட்டால், நல்லெண்ணமுள்ள எவரும் ‘வேண்டும்’ என்றே சொல்வர். ஏட்டில் மேலும் ஒரு கட்டம் நிரப்பும் சுமை அவர்களுடையது அன்று. ஆதலால் சராசரி மதிப்பெண் மட்டும் பட்டியலைக் களைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. ‘ஏ.என்.எம். ஒருவர் மாதத்திற்கு ஆறு சுட்டிகளுக்கே குறிப்பெழுத இயலும். இப்பட்டியலிலிருந்து ஆறைத் தேர்க’ என்று கட்டாயத் தேர்வு ஒன்றை இறுதியில் வைத்தாலன்றி, உடன்பாடு என்பது நீண்ட பட்டியலுக்கு இடப்பட்ட கையொப்பமாகவே முடியும்.

குழு அமைத்தல்

சித்தூர், திருப்பதிப் பகுதியில் இத்தகைய முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், முதல் முடிவும் மிகக் கடினமான முடிவும் குழுவைப் பற்றியதே. மனநோய் மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், உளவியலார், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு பிரிவு. ஏ.என்.எம்., ஆஷா பணியாளர், நோயிலிருந்து தேறியவர், நோயாளரைப் பேணும் குடும்பத்தார் ஆகியோர் மற்றொரு பிரிவு. இவ்விரு பிரிவினரையும் ஒரே குழுவில் கலந்து சராசரி எடுப்பது எளிது. ஆனால் இருபது மருத்துவருக்கிடையே நான்கு தாய்மாரை வைத்தால், அந்நால்வரும் ஒருமுகமாக மறுத்த சுட்டிகூட ‘எண்பது விழுக்காட்டுக்கு மேல் உடன்பாடு’ பெற்றுவிடும். எனவே இரு பிரிவுக்கும் ஏறத்தாழச் சமமான எண்ணிக்கையினரைச் சேர்த்து, மதிப்பெண்களைத் தனித்தனியே கணக்கிட்டு, இரு பிரிவிலும் தேறிய சுட்டியையே ஏற்பது முறை. ஒரு பிரிவில் மட்டும் தேறியதைத் தள்ளிவிடாமல் ‘கருத்து வேறுபாடுள்ளவை’ என்று தனியே வெளியிடுதல் நன்று. வேறுபாடும் ஒரு செய்தியே.

அடுத்தது மொழி. குப்பம், நகரி, சத்தியவேடு முதலிய பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர். எங்கும் தெலுங்கு வழங்குகிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் பிரிவு பெயரளவில் மட்டுமே குழுவில் இருக்கும். தெலுங்கிலும் தமிழிலும் தாள் எழுதப்பட வேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கு ஒருவர் படித்துக் காட்டி, அவர் சொல்லும் எண்ணைக் குறிக்க வேண்டும். அவ்வாறு படித்துக் காட்டுபவர் அவருடைய ஊர்ச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவராக இருத்தல் கூடாது. கிராமப் பள்ளி ஆசிரியர்கள் இப்பணிக்குப் பொருத்தமானவர்கள். மக்களின் பேச்சை அறிந்தவர்கள் அவர்கள். மருந்து வழங்கும் அதிகாரமோ ஏட்டைத் தணிக்கை செய்யும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை.

பெயர் மறைப்பும் சிறிய வட்டாரத்தில் எளிதன்று. கையெழுத்தைக் கண்டே ஆளை அறியக்கூடிய ஊர்கள் இவை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பை ஒருவர் மட்டும் வைத்திருத்தல் வேண்டும். எழுதப்பட்ட காரணங்களைத் தட்டச்சுச் செய்த பின்னரே பிறருக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி அதில் வினாத்தாளை இட்டு விடை பெறுவது வசதிதான். ஆனால் மாவட்ட மருத்துவரின் விடை முதலில் வந்துவிட்டால் எஞ்சிய விடைகள் அதன் எதிரொலியாகிவிடும். அது டெல்பி முறை அன்று.

சுட்டி என்பது ஒரு பின்னம்

முதற் சுற்றில் வினா திறந்த வினாவாக இருக்கும்: ‘உங்கள் ஊரில் மனநலச் சேவை நன்றாக நடக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்?’ வரும் விடைகள் பேச்சு நடையில் அமையும். ஒருவர் ‘மருந்து தீராமல் இருக்க வேண்டும்’ என்பார். மற்றொருவர் ‘வீட்டில் கட்டி வைக்காமல் இருக்க வேண்டும்’ என்பார். இன்னொருவர் ‘நின்றுவிட்டவரைத் தேடி வர வேண்டும்’ என்பார். இவற்றைச் சுட்டிகளாக மாற்றுவதே நடத்துபவரின் வேலை.

அவேடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் 1966-இல் மருத்துவத் தரத்தை மூன்று வகையாகப் பார்க்கலாம் என்று காட்டினார்: கையில் உள்ள வசதி, செய்யப்படும் செயல், கிடைக்கும் பயன். மருந்து இருப்பது வசதி. தேடிச் செல்வது செயல். கட்டவிழ்ந்து வாழ்வது பயன். பட்டியல் முழுவதும் வசதியை எண்ணும் சுட்டிகளாகவே அமைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள இப்பகுப்பு உதவும். வசதியை எண்ணுவது எளிது என்பதால் பட்டியல்கள் அப்பக்கமே சாய்வது வழக்கம்.

எவ்வகையாயினும் சுட்டி என்பது ஒரு பின்னமாக எழுதப்பட வேண்டும்: மேலே யாரை எண்ணுகிறோம், கீழே யாரை எண்ணுகிறோம், எந்தக் காலத்திற்கு, எந்த ஏட்டிலிருந்து என்பவை தெளிவாக இருக்க வேண்டும். கீழ் எண்ணில்தான் பெரும்பாலான மோசம் ஒளிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் காணலாம். கணக்கு விளங்கும் பொருட்டு வைத்த எண்களே கீழே வருவன. எந்த ஊரின் எண்ணும் அல்ல. ‘நோயாளர் தொடர்ந்து சிகிச்சைக்கு வருதல்’ என்று முதற் சுற்றில் பலர் எழுதினர் என்க. அதை நடத்துபவர் இவ்வாறு எழுதுகிறார்: ‘கடுமையான மனநோய்க்கு ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கியவர்களுள், ஆறாம் மாதத்தில் நிலையத்துக்கு ஒருமுறையேனும் வந்தவர் எத்தனை விழுக்காடு?’ நாற்பது பேர் தொடங்கி, ஆறாம் மாதத்தில் இருபத்து நால்வர் வந்திருந்தால் விடை அறுபது விழுக்காடு. ஆனால் ‘விட்டுச் சென்றவர்’ என்று பத்துப் பேரை ஏட்டிலிருந்து அடித்துவிட்டு முப்பதை மட்டும் கீழே வைத்தால், அதே இருபத்து நால்வர் எண்பது விழுக்காடாகிவிடுவர். நோயாளர் ஒருவர்கூட நலம் பெறாமல் சேவையின் தரம் இருபது புள்ளி உயர்ந்துவிட்டது. ஆகவே ‘தொடங்கியவர் அனைவரும் கீழ் எண்ணில் இருத்தல் வேண்டும், எவரையும் நீக்கலாகாது’ என்ற விதி சுட்டியின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகிறது.

இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும்

மதிப்பெண் ஒன்று முதல் ஒன்பது வரை என்று வைத்துக்கொள்வோம். ஏழு, எட்டு, ஒன்பது என்பவை ‘வேண்டும்’ என்றும், ஒன்று முதல் மூன்று வரை ‘வேண்டா’ என்றும் பொருள்படும். எந்த எண்ணிக்கையை உடன்பாடு என்று கொள்வது என்பதைத் தாள்கள் அனுப்பப்படும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பிற நாடுகளில் நடந்த டெல்பி ஆய்வுகளை 2014-இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், விழுக்காட்டைக் கொண்டு உடன்பாட்டை வரையறுத்தவற்றில் நடு அளவு எழுபத்தைந்து எனக் கண்டனர். அவ்வெண்ணில் தெய்விகம் ஏதும் இல்லை. ஆனால் தாள்கள் வந்த பிறகு எழுபத்தைந்தை எழுபதாகக் குறைப்பது, ஓட்டம் முடிந்தபின் எல்லைக் கோட்டை நகர்த்துவதற்கு ஒப்பாகும்.

மேற்சொன்ன சுட்டிக்கு இரு பிரிவிலும் பத்துப் பத்துப் பேர் மதிப்பெண் இட்டனர் என்க. மருத்துவப் பிரிவில் ஒன்பது பேர் ‘வேண்டும்’ என்றனர். களப்பணியாளரும் குடும்பத்தாரும் அடங்கிய பிரிவில் நால்வரே ‘வேண்டும்’ என்றனர். நால்வர் ‘வேண்டா’ என்றனர். இருவர் இடையில் நின்றனர். மொத்தத்தில் இருபதில் பதின்மூவர், அதாவது அறுபத்தைந்து விழுக்காடு. சுட்டி தேறவில்லை.

இந்நிலையில் எண்ணைவிடக் காரணமே முக்கியம். ஓர் ஆஷா பணியாளர் எழுதுகிறார்: ‘என் ஊரில் இருவர் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டனர். அவர்கள் அங்கேயே மருந்து வாங்கித் தின்கின்றனர். அவர்கள் வரவில்லை என்று என்னைக் கேட்பார்கள்.’ ஒரு தாயார் சொல்லி எழுதப்பட்டது: ‘பையனால் பேருந்தில் ஏற முடியாது. நான் போய் மருந்து வாங்கி வருகிறேன். அவன் வரவில்லை என்று கணக்கில் எழுதுவார்களா?’ இவ்விருவரும் தொடர்ந்த சிகிச்சையை மறுக்கவில்லை. ‘நிலையத்துக்கு வருதல்’ என்னும் சொல்லையே மறுத்தனர்.

ஆதலால் மூன்றாம் சுற்றுக்குச் சுட்டி திருத்தப்படுகிறது: ‘ஆறாம் மாதத்தில் நிலையத்திலோ, வீட்டிலோ, தொலைபேசியிலோ நோயாளருடன் பணியாளர் ஒருமுறையேனும் பேசி, மருந்து உட்கொள்வதை உறுதி செய்தவர் எத்தனை விழுக்காடு? வெளியூர் சென்றவர் தனி வரியில் காட்டப்படுவர். ஆனால் கீழ் எண்ணிலிருந்து நீக்கப்படார்.’ இத்துடன் இரண்டாம் சுற்றின் மதிப்பெண்களும், பெயரின்றி இரு தரப்புக் காரணங்களும் அனைவருக்கும் அனுப்பப்படுகின்றன. இம்முறை முதற் பிரிவில் ஒன்பது பேரும் இரண்டாம் பிரிவில் எண்மரும் ‘வேண்டும்’ என்கின்றனர். இரு பிரிவிலும் எழுபத்தைந்தைக் கடந்ததால் சுட்டி ஏற்கப்படுகிறது.

இங்கே உடன்பாடு பிறந்தது சிறுபான்மையினர் பணிந்ததால் அன்று, வாக்கியம் திருந்தியதால். இவ்வேறுபாடே டெல்பி முறையின் உயிர்நிலை. வாக்கியம் மாறியபின் அது புதிய சுட்டி என்பதையும், பழைய மதிப்பெண்ணுடன் புதியதை ஒப்பிட்டு ‘கருத்து மாறியது’ என்று எழுதலாகாது என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

பொய்யுடன்பாட்டை அறியும் வகை

மதிப்பெண்கள் நெருங்கி வருவது எப்போதும் அறிவு நெருங்கி வருவதைக் காட்டாது. ராண்ட் நிலையத்திலேயே பணிபுரிந்த ஹெரால்ட் சாக்மன் 1974-இல் இம்முறையைக் கடுமையாக விமரிசித்தார். பெரும்பான்மையின் எண்ணைக் கண்டவர் காரணமின்றியே அப்பக்கம் நகர்வர். அதை உடன்பாடு என்பது ஏமாற்று என்பது அவர் வாதத்தின் ஒரு கூறு. இக்குறை உண்மையானது. எனினும் அதைக் கண்டறியும் வழி உண்டு. மதிப்பெண்ணை மாற்றியவர் ஒவ்வொருவரும் ஒரு வரியில் காரணம் எழுதுமாறு கேட்க வேண்டும். வாக்கியம் மாறாத சுட்டிகளில் பலர் பெரும்பான்மை நோக்கி நகர்ந்திருந்து, காரணக் கட்டம் வெறுமையாக இருந்தால், அங்கு நிகழ்ந்தது சலிப்பு அல்லது அச்சம் எனக் கொள்ளலாம்.

இரண்டாவது அபாயம், இடையில் நின்றுவிடுவோர். முப்பது பேருடன் தொடங்கிய முயற்சி இருபத்தொருவருடன் முடிவது அரிதன்று. நின்ற ஒன்பதின்மர் யார்? அவர்கள் இரண்டாம் சுற்றில் இட்ட மதிப்பெண்களைத் தனியே எடுத்து, தொடர்ந்தவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட வேண்டும். நின்றவர்களே தாழ்ந்த மதிப்பெண் இட்டவர்களாக இருந்தால், இறுதியில் கிட்டிய ஒற்றுமை எதிர்த்தவர்கள் வெளியேறியதால் வந்த ஒற்றுமையேயாகும். ஆஷா பணியாளரும் குடும்பத்தாருமே முதலில் நிற்பவர்களாக இருப்பர் என்று எதிர்பார்க்கலாம். ஒரு நாட்கூலியை இழந்து வினாத்தாள் நிரப்புவது அவர்களுக்கு இலவசமன்று. அக்கூலியை ஈடு செய்வது, இம்முறையின் செலவுக் கணக்கில் முதல் வரியாக அமைதல் தகும்.

வட்டாரத்துக்கே உரிய சுட்டி

ஆறு நாட்டுப் பட்டியலை அப்படியே பெற்றுக் கையொப்பமிட்டால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பகுதி போதும்; முழுவதும் போதாது. திருப்பதி யாத்திரைத் தலம். நாள்தோறும் பல்லாயிரவர் வந்து செல்லும் ஊரில், மனநோயால் வழி தவறி அலைவோரும் வந்து சேர்வது இயல்பு. அவர்கள் எந்தக் கிராமத்தின் ஏட்டிலும் இல்லை. ஆகவே கிராம ஏட்டிலிருந்து பிறக்கும் எந்தச் சுட்டியின் கீழ் எண்ணிலும் இடம்பெறார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நூறாம் பிரிவு, அவ்வாறு அலைவோரைப் பாதுகாப்பில் எடுத்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுசெல்லுமாறு காவல்துறைக்குக் கடமை விதிக்கிறது. அவரைக் காவல் நிலையச் சிறையில் அடைத்தல் ஆகாது என்றும், வீடற்றவராயின் அவருடைய குடும்பத்தைத் தேட வேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டமே காலக்கெடுவைத் தந்திருப்பதால், ‘காவல்துறை பாதுகாப்பில் எடுத்தவர்களுள் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதிக்கப்பட்டவர் எத்தனை பேர்? குடும்பம் கண்டறியப்பட்டவர் எத்தனை பேர்?’ என்ற சுட்டி ஆயத்தமாகவே கிடக்கிறது. இதை எழுப்பக்கூடியவர் திருப்பதிப் பேருந்து நிலையத்தையும் புகைவண்டி நிலையத்தையும் அறிந்த காவலரும் தொண்டருமே. அவர்கள் குழுவில் இல்லாவிடில் வினாவே எழாது.

உடன்பாட்டுக்குப் பின்

டெல்பி முறை கருத்தை அளக்கிறது, உண்மையை அளப்பதில்லை. இருபது பேரும் ஏற்ற சுட்டி பதிவேட்டில் நிற்காமல் போகலாம். அதற்குரிய சோதனை எளியது. இரண்டு நிலையங்களிலிருந்து இருபது நோயாளரின் தாள்களை எடுத்து, ஒருவரோடொருவர் பேசாமல் இருவர் தனித்தனியே சுட்டியைக் கணக்கிட வேண்டும். இருவர் விடையும் பல தாள்களில் வேறுபட்டால் பிழை அவர்களிடம் இல்லை. சுட்டியின் சொற்களிலோ, ஏட்டின் கட்டங்களிலோ இருக்கிறது. அதைத் திருத்தும் வரை அச்சுட்டி நடைமுறைக்கு வருதல் ஆகாது.

சிறிய எண்களின் குணத்தையும் மறத்தலாகாது. ஒரு நிலையத்தில் எட்டுப் பேரே கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுகின்றனர் என்றால், ஒருவர் வெளியூர் சென்ற மாத்திரத்தில் விழுக்காடு பன்னிரண்டரை புள்ளி சரியும். அதைக் கொண்டு அந்நிலையத்தின் ஏ.என்.எம்.-ஐக் கடிந்துகொள்வது நீதியன்று, அறிவியலும் அன்று. இத்தகைய சுட்டியை மாவட்ட அளவில், ஓராண்டின் தொகையாகக் காண்பதே பொருந்தும். நிலையத்துக்கு நிலையம் தரவரிசை இடப்பட்டால், அடுத்த ஆண்டில் ஏடு திருந்தும், சேவை திருந்தாது. அடித்து நீக்கப்பட்ட பெயர்கள் மீண்டும் பெருகும்.

இக்காரணங்களால் சித்தூரிலும் திருப்பதியிலும் நடத்தப்படும் எந்த டெல்பி முயற்சியும், எத்தனை சுட்டிகளில் உடன்பாடு கண்டது என்பதைக் கொண்டு மதிக்கப்படலாகாது. யார் குழுவில் இருந்தனர், எத்தனை பேர் இறுதிவரை நின்றனர், எல்லைக் கோடு எப்போது வரையப்பட்டது, எச்சுட்டிகளில் இரு பிரிவும் வேறுபட்டன என்ற நான்கையும் அறிக்கையின் முதற் பக்கத்தில் தருதல் வேண்டும். இந்நான்கும் இல்லாத அறிக்கை களத்துக்கு அனுப்பப்பட்டால், அதைப் பெறும் பணியாளர் கட்டங்களை நிரப்பும் முன் இவற்றைக் கேட்டு எழுதுவது முறையானதே. பேருந்தில் ஏற இயலாத மகனுக்காகத் தாயார் மாதந்தோறும் மருந்து வாங்கிச் செல்கிறார். அம்மகன் ஏட்டில் ‘வாராதவர்’ என்று நிற்பதும், ‘சிகிச்சையில் உள்ளவர்’ என்று நிற்பதும் அச்சுட்டியின் ஒரு சொல்லைப் பொறுத்தது. அச்சொல்லை எழுதும் அறையில் அத்தாயாருக்கும் ஓர் இடம் இருத்தல் வேண்டும்.